தோளிலிருந்த கை

மன்னார்த் தீவிலே ஒரு வீட்டில் மரணம் நேர்ந்துவிட்டால், அடக்கம் முடிந்த கையோடு எழும் கேள்வி, சுவரில் மாட்டுவதற்கு இறந்தவரின் படம் இருக்கிறதா என்பதுதான். பல வீடுகளில் அது இருப்பதில்லை. 1990ஆம் ஆண்டிலே பேசாலையிலிருந்தும் தலைமன்னாரிலிருந்தும் எத்தனையோ குடும்பங்கள் இரவோடிரவாக வள்ளமேறி இராமேசுவரம் சென்றன. வேறு பலர் மடுத் திருத்தலத்தில் தஞ்சம் புகுந்தனர். குழந்தையைத் தூக்கிய கைக்கு அல்பத்தைத் தூக்க இடமிருக்கவில்லை. ஆகவே பத்துப் பன்னிரண்டு பேர் நெருக்கியடித்து நிற்கும் கூட்டுப்படம் ஒன்று மட்டும் எங்கோ ஒரு பெட்டிக்குள் எஞ்சியிருக்கிறது. அதிலிருந்து ஒருவரை மட்டும் பிரித்தெடுத்து நினைவுப்படமாக்கித் தரவேண்டுமென்று உறவினர் படப்பிடிப்பு நிலையத்துக்கு வருகின்றனர்.

எடுத்துக்காட்டாக ஒரு படத்தை வைத்துப் பார்ப்போம். மடுவின் ஆவணித் திருவிழாவுக்குப் போன ஒரு மீனவக் குடும்பம், வெள்ளையடித்த சுவரின் முன்னே மூன்று வரிசையாக நிற்கிறது. படம் தபாலட்டை அளவு. வேண்டியவர் நடுவரிசையின் ஓரத்தில் நிற்கிறார். அவருடைய இடக்கைச் சட்டையைப் படத்தின் விளிம்பு வெட்டிவிட்டது. பின்னால் பலகைமீது நின்ற மைத்துனரின் கை அவருடைய வலத்தோளில் கிடக்கிறது. முன்னே நிற்கும் சிறுமியின் தலை மார்பின் கீழ்ப்பாதியை மறைக்கிறது.

முதலிற் செய்யவேண்டியது அளவுகோலை எடுப்பது. உச்சியிலிருந்து நாடிவரை அவர் முகம் 8 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். வீட்டார் கேட்பது பெரும்பாலும் 12க்கு 15 அங்குலப் படம். அதிலே முகம் 75 மில்லிமீற்றராவது இருக்கவேண்டும். அதாவது ஒன்பது மடங்குக்கு மேல் பெருக்கவேண்டும். கடதாசியில் அச்சான படம் அவ்வளவைத் தாங்காது. ஏறத்தாழ ஐந்து மடங்குக்கு மேலே போனால் கண்ணின் கருமணி மங்கிய புள்ளியாகிவிடும். ஆகவே முகம் 40 மில்லிமீற்றர் வரும்படி 6க்கு 8 அங்குலப் படம் செய்து, அதைச் சுற்றி அகலமான வெள்ளை அட்டை வைத்துப் பெரிய சட்டத்துக்குள் இடுவதே நேர்மையான வழி. பழைய நெகற்றிவ் கிடைத்தால் நிலைமை வேறு. அச்சுப்படத்தில் இல்லாத நுணுக்கம் அதிலே இருக்கும். அக்கரையில் மண்டபம் முகாமிலிருந்த உறவினரிடம் இன்னொரு படி இருக்கிறதா என்று விசாரிப்பதும் வீண்போகாது. ஆனால் அவர்கள் அதைக் கைத்தொலைபேசியால் படமெடுத்து வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் நுணுக்கம் பெரிதும் சுருங்கிவிடும். ஸ்கான் செய்து கோப்பாக அனுப்பச் சொல்லவேண்டும். சட்டக் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தை உரிக்கவே கூடாது. கண்ணாடியோடு சேர்த்தே படியெடுக்கலாம்.

அடுத்தது உருவத்தைப் பிரித்தல். முன்னாளில் நெகற்றிவின்மேல் உருவத்தைச் சுற்றிச் சிவப்பு மை பூசிப் பின்னணியை மறைப்பார்கள். இன்று கணினியிலே அதே வேலை நடக்கிறது. இங்கே இடர் யாதெனில், வெள்ளைச் சட்டையும் வெள்ளைச் சுவரும் உச்சிவெயிலில் ஒன்றாகக் கலந்து, தோளின் கோடு எங்கே முடிகிறதென்று தெரியாமற் போவதாகும். அப்போது கண்ணுக்குத் தெரியும் துண்டுகளை இணைத்துக் கோட்டை ஊகிக்கவேண்டும். வெட்டும் கோடு உருவத்தின் விளிம்புக்கு மயிரிழை உள்ளே செல்லவேண்டும். வெளியே சென்றால் பழைய சுவர் ஒரு வெள்ளை வளையமாக ஒட்டிக்கொள்ளும். வெட்டிய உருவத்தை முதலில் கரும்பின்னணியிலும் பிறகு வெண்பின்னணியிலும் வைத்துப் பார்த்தால் குறை உடனே புலப்படும். தலைமயிரைக் கத்தரித்தாற்போல் வெட்டுவது தகாது. கடற்காற்றில் கலைந்த மயிரின் ஓரம் மென்மையாகக் கரையவேண்டும்.

இனி உடை. இங்கேதான் பலர் சுலபமான வழியில் இறங்குகின்றனர். ஆயத்தமாக வைத்திருக்கும் கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்த உடல் ஒன்றின்மேல் தலையைப் பொருத்திவிடுவார்கள். வெயில் முகத்தில் ஒருபுறமிருந்தும் கோட்டில் மறுபுறமிருந்தும் விழும். கழுத்து ஒடிந்தாற்போல் நிற்கும். "தம்பி, அப்பா ஒருநாளும் கோட்டுப் போட்டவரில்லையே" என்று மகள் சொன்னால் அதற்கு விடை ஏது? அவர் அன்று அணிந்திருந்த சட்டையையே திருத்தி முடிப்பது கடினமன்று, பொறுமைதான் வேண்டும்.

நமது படத்தில் இருபுறமும் ஒன்றுக்கொன்று கடன் கொடுக்கின்றன. இடத்தோளின் மேற்புறம் குறையின்றித் தெரிகிறது. அதைப் படியெடுத்து, கண்ணாடியில் தெரிவதுபோலப் புரட்டி, மைத்துனரின் கை கிடந்த வலத்தோளில் வைக்கலாம். வலக்கைச் சட்டையின் வெளிக்கோடு தெரிகிறது. அதைப் புரட்டி, விளிம்பு வெட்டிய இடக்கைக்குக் கொடுக்கலாம். கழுத்துக்குழியிலிருந்து தோள்முனைவரை இரு பக்கமும் ஒரே தூரம் என்பது மனிதர் நேரே பார்த்து நின்றால்தான் பொருந்தும். சற்றுத் திரும்பி நின்றிருந்தால் அப்பாலுள்ள தோள் குறுகியே தெரியும். வளர்ந்தவரின் இரு தோளகலம் தலையுயரத்தின் ஏறத்தாழ இருமடங்கு என்பதை நினைவில் வைத்தால் பெரும்பிழை வராது.

புரட்டுவதில் பொறிகள் உண்டு. முதலாவது வெளிச்சம். வெயில் வலத்தோளின் பக்கமிருந்து விழுகிறதென்றால், இடத்தோள் நிழலில் இருக்கும். அந்தத் துண்டை வெயிற் பக்கத்துக்குக் கொண்டுபோனால் அதை வெளுப்பாக்கவேண்டும். மடிப்புகளின் நிழல்களையும் மறுபுறம் மாற்றவேண்டும். இரண்டாவது பை. ஆண்களின் சட்டைப்பை பெரும்பாலும் இடமார்பிலே இருக்கும். இடப்பாதி வலப்பாதியின்மேல் மடிந்து தெறி பூட்டப்படும். இடமார்பை முழுதாகப் புரட்டி வலப்புறம் ஒட்டினால் இரண்டு பைகள் முளைத்துவிடும். பைக்கு மேலேயுள்ள துணியை மட்டும் எடுத்தால் போதும். சேலையணிந்த தாயின் படமென்றால் இன்னும் கவனம் வேண்டும். உருவம் முழுவதையும் புரட்டினால் இடத்தோளிற் கிடந்த தலைப்பு வலத்தோளுக்குப் போய்விடும். ஒரே துணித்துண்டைத் திரும்பத் திரும்ப ஒட்டினால் ஒரே சுருக்கம் வரிசையாக வந்து காட்டிக்கொடுக்கும். புதிதாக நிரப்பிய இடம் மாத்திரம் வழுவழுப்பாகத் தெரிந்தால், பழைய படத்தின் மணல்போன்ற பொருக்கை அதன்மேலும் தூவவேண்டும்.

சிறுமியின் தலை மறைத்த கீழ்மார்பை என்ன செய்வது? கட்டவேண்டியதே இல்லை. மறைந்த இடத்துக்கு மேலேயே படத்தை நிறுத்திவிட்டால் அந்தப் பகுதி சட்டத்துக்கு வெளியே போய்விடும். சிறிது உள்ளே வந்தால், பழைய படப்பிடிப்பு நிலையங்கள் செய்ததுபோல, கீழ்ப்புறத்தைப் பின்னணியோடு முகில்போலக் கரைத்துவிடலாம்.

முகத்தில் மட்டும் இந்தத் துணிச்சல் ஆகாது. கீறலை அகற்றலாம், அழுக்கைத் துடைக்கலாம். மங்கிய கண்ணைக் கூர்மையாக வரைந்தாலோ, வெயிலுக்குச் சுருங்கிய நெற்றியை நீவிவிட்டாலோ வேறொருவர் வந்து நிற்பார். அந்நியர் அதைக் கண்டுபிடிக்கமாட்டார்; மனைவி கண்டுபிடிப்பார். ஆகவே சட்டத்திலிடுவதற்கு முன் சிறிய அச்சொன்றை வீட்டிலே இரண்டொருவருக்குக் காட்டி, அவர்கள் ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்களா, அல்லது "ஏதோ மாறியிருக்கிறது" என்கிறார்களா என்று கவனிக்கவேண்டும்.

பின்னணிக்கு வெளிர்சாம்பல் நிறம் ஏற்றது. வெள்ளைச் சட்டைக்கு அருகே அது சற்றுக் கறுத்திருந்தால் தோளின் கோடு நன்கு துலங்கும். தீவின் காற்றில் உப்பும் ஈரமும் உண்டு. படம் கண்ணாடியைத் தொட்டால் ஒட்டிக்கொள்ளும். நடுவே வைக்கும் வெள்ளை அட்டைதான் அந்த இடைவெளியைத் தருவது. சட்டத்தின் பின்புறத்தையும் நாடாவால் ஒட்டிவிடவேண்டும். கூட்டுப்படத்தையோ மைத்துனரின் கை அவர் தோளில் இருந்தபடியே, வெட்டாமல், மகளிடம் திருப்பிக் கொடுத்துவிடவேண்டும்.