வங்கிக் கடன் எங்கிருந்து வருகிறது?

 

நம் பைத்துல்மாலில் வட்டியில்லாக் கடன் கேட்டு வருபவரிடம் சில மாதங்களில் "இருப்பு இல்லை, பொறுங்கள்" என்கிறோம். வங்கி மட்டும் எப்படி லட்சக்கணக்கில் கொடுக்கிறது, நாம் போட்ட பணத்தைத்தானே எடுத்துக் கொடுக்கிறார்கள் என்று ஒரு தம்பி கேட்டார். வட்டி பற்றி ஆலிம்கள் பேசுவார்கள். நான் கணக்கை மட்டும் சொல்கிறேன்.

விராலிமலையில் ஒருவர் லோடு வண்டி வாங்க 8 லட்சம் கடன் பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதற்காக நம் யாருடைய பாஸ்புக்கிலும் ஒரு ரூபாய் குறைவதில்லை. வங்கி இரண்டு பதிவு போடுகிறது: அவர் தரவேண்டிய கடன் 8 லட்சம், அவர் கணக்கில் இருப்பு 8 லட்சம். அந்த இருப்பு நேற்று எங்கும் இல்லாத பணம்.

அவர் அதைத் திருச்சியில் வண்டி விற்பவருக்கு அனுப்புகிறார். அவர் கணக்கு வேறு வங்கியில். இப்போதுதான் கடன் கொடுத்த வங்கிக்குக் கையைக் கடிக்கும். ரிசர்வ் வங்கியில் தான் வைத்திருக்கும் இருப்பிலிருந்து 8 லட்சத்தை அந்த வங்கிக்குத் தரவேண்டும். இதைப் பேரேட்டில் எழுதி உண்டாக்க முடியாது. நம்மிடம் டெபாசிட் கேட்டு வருவது இதனால்தான்.

வண்டி விற்பவரின் வங்கியில் புது டெபாசிட் 8 லட்சம். 2025 நவம்பர் இறுதியிலிருந்து ரொக்க இருப்பு விகிதம் 3 சதவீதம். ஆகவே 24,000 ரூபாயை ரிசர்வ் வங்கியில் ஒதுக்கிவிட்டு அந்த வங்கியும் கடன் கொடுக்கலாம். அந்தக் கடன் இன்னொரு ஊரில் இன்னொருவர் டெபாசிட் ஆகும். கணக்குப்படி பணம் 33 மடங்காகலாம். நடைமுறையில் அவ்வளவு போகாது. திருப்பிக் கட்டக்கூடிய ஆள் கிடைக்க வேண்டும், நஷ்டத்தைத் தாங்க வங்கிக்குச் சொந்த மூலதனமும் வேண்டும். கடனின் அசலைக் கட்டக் கட்ட, பிறந்த பணமும் அழிகிறது.

வண்டிக்காரர் கட்டாவிட்டால்? விற்றவரின் 8 லட்சம் அப்படியே நிற்கும். அவர் நேர்மையாக விற்றார். வங்கிக்கு வரவேண்டியதுதான் வராது. அந்த நஷ்டத்தை முதலில் வங்கியின் மூலதனம் தாங்கும். அதுவும் கரைந்தால், அதற்கு மேல் வரும் நஷ்டம் நம் இருப்பைத் தொடும். எல்லாரும் ஒரே நாளில் பணம் கேட்டால், நல்ல வங்கியிடம்கூட அவ்வளவு ரொக்கம் இராது.

2020 மார்ச் 5 அன்று, வாராக்கடனில் தத்தளித்த எஸ் பேங்க்கில் ஒருவர் 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்கக் கூடாது என்று கட்டுப்பாடு வந்தது. ஸ்டேட் பேங்க்கும் வேறு வங்கிகளும் மூலதனம் போட்ட பிறகு, மார்ச் 18 அன்றுதான் அது நீங்கியது.

அதற்கு ஒரு மாதம் முன்புதான் டெபாசிட் காப்பீடு 1 லட்சத்திலிருந்து 5 லட்சமாக உயர்ந்திருந்தது. அசலும் வட்டியும் சேர்த்து, ஒருவருக்கு ஒரு வங்கியில் அவ்வளவுதான். ஒரே வங்கியின் விராலிமலைக் கிளையிலும் திருச்சிக் கிளையிலும் பிரித்துப் போட்டாலும் அதே 5 லட்சம்தான். வேறு வங்கியில் போட்டால்தான் தனிக் கணக்கு.