பள்ளிக்கு மேசை வாங்க ஒரு கைப்பந்துப் போட்டி: திட்டமும் கணக்கும்
(ஜமாஅத் பொதுக்குழுக் கூட்டத்தில் விளையாட்டுப் போட்டி ஏற்பாட்டுக் குழுவின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)

 

நமதூர் நடுநிலைப் பள்ளியில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை பயிலும் 90 பிள்ளைகள் தரையில் அமர்ந்து எழுதி வந்த நிலையைத் தாங்கள் அறிவீர்கள். மேசையுடன் கூடிய பெஞ்சு ஒன்றில் மூவர் அமரலாம்; ஆகவே 30 பெஞ்சுகள் தேவை. மூன்று கடைகளில் எழுத்து மூலம் விலைப்புள்ளி பெற்றோம். பள்ளியில் கொண்டுவந்து இறக்கும் கூலி உட்பட ஒன்றுக்கு 4,000 ரூபாய் என்பதே தரத்திற்கேற்ற குறைந்த விலையாக இருந்தது. ஆக, நமது இலக்கு 1,20,000 ரூபாய். இதற்காகக் கடந்த ஜனவரி மாதம் இரு நாள் கைப்பந்துப் போட்டி நடத்தினோம். அதன் கணக்கையும், நாங்கள் கற்றுக்கொண்டவற்றையும் தங்கள் முன் வைக்கின்றோம்.

நிதி திரட்டும் போட்டிகள் பெரும்பாலும் ஓரிடத்தில்தான் சறுக்குகின்றன. வசூலான பணம் முழுவதும் ஒரே பையில் விழுகிறது. பந்தலும் விளக்கும் விருந்தும் அதிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. மிஞ்சியது மட்டுமே பள்ளிக்குப் போகிறது. இதைத் தவிர்க்க, தொடக்கத்திலேயே பணத்தை மூன்று கணக்குகளாகப் பிரித்தோம். முதலாவது மேசைக் கணக்கு. 'ஒரு குடும்பம், ஒரு மேசை' என்று பெறப்படும் 4,000 ரூபாயும், சிற்றுண்டிக் கடையின் இலாபமும் இதில் சேரும். இரண்டாவது நடத்தும் செலவுக் கணக்கு. அணிகளின் நுழைவுக் கட்டணமும் வணிகர்களின் விளம்பரத் தொகையும் இதற்குரியவை. மூன்றாவது பரிசுக் கணக்கு.

பரிசுக் கணக்கைத் தனியே வைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. அணிகளிடம் கட்டணம் வாங்கி, அதையே வென்றவருக்குப் பரிசாகக் கொடுப்பது சூதாட்டத்தின் வடிவம் பெறும் என்பது உலமாக்கள் பலரின் கருத்து. போட்டியில் பங்கேற்காத மூன்றாவது தரப்பு தரும் பரிசில் அந்த ஐயம் எழுவதில்லை. எனவே 20,000 ரூபாய் பரிசுத் தொகை முழுவதையும் இரு அன்பர்களிடம் தனியே பெற்றோம். நுழைவுக் கட்டணத்தில் ஒரு ரூபாயும் பரிசுக்குச் செல்லவில்லை.

அடுத்து, நடத்தும் செலவின் திட்டம். 16 அணிகள் மோதும் நாக்-அவுட் முறையில், வெற்றி பெறும் அணி நீங்கலாக ஒவ்வோர் அணியும் ஒருமுறை தோற்று வெளியேறும். ஆகவே 15 ஆட்டங்கள். ஓர் ஆட்டத்திற்கு ஒரு மணி நேரம் எனக் கொண்டு, சனிக்கிழமை முதல் சுற்றின் 8 ஆட்டங்களும், ஞாயிறு எஞ்சிய 7 ஆட்டங்களும் என்று அட்டவணை அமைத்தோம். தொழுகை நேரங்களுக்கு இடைவெளி விட்டதால் இரு இரவுகளும் விளக்கு தேவைப்பட்டது. ஆடுகளம் 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். சுற்றிலும் 3 மீட்டர் காலியிடம் விட்டு, அதற்கு வெளியே கயிறு கட்டினோம்.

களமும் வலையும் பந்தும் 8,000, விளக்கு, ஜெனரேட்டர், ஒலிபெருக்கி 14,000, நடுவர்கள் 10,000, உணவும் குடிநீரும் 12,000, நோட்டீஸ், பேனர், ரசீதுப் புத்தகம் 4,000, எதிர்பாராச் செலவுக்கு 5,000. ஆக மொத்தம் 53,000 ரூபாய். வரவாக 16 அணிகளின் கட்டணம் தலா 1,000 வீதம் 16,000, விளம்பரம் 37,000. வரவும் செலவும் சமமாக இருந்தன.

பொறுப்புகளை எழுதியே ஒப்படைத்தோம். பணம் வாங்குபவர் செலவு செய்யலாகாது, செலவு செய்பவர் பணம் வாங்கலாகாது என்பதே முதல் விதி. வசூல் பொறுப்பாளர் அடிக்கட்டையுடன் கூடிய எண்ணிட்ட ரசீதைக் கொடுத்து, அன்று மாலையே தொகையைப் பொருளாளரிடம் ஒப்படைத்தார். பொருளாளரும் ஒருங்கிணைப்பாளரும் இருவருமாகக் கையொப்பமிட்ட பின்னரே பணம் வெளியே சென்றது. மைதானம், அட்டவணை, உணவு, முதலுதவி ஆகியவற்றிற்கு ஒவ்வொருவர் பொறுப்பேற்றனர். அவரவர் செலவுக்குரிய உச்சவரம்பு அவரவர் தாளிலேயே எழுதப்பட்டிருந்தது. மேசை வாங்கும் குழுவில் போட்டிப் பொறுப்பாளர் எவரும் இடம்பெறவில்லை.

இனி நடந்ததைக் கூறுகின்றோம். தொலைபேசியில் வருவதாக உறுதி கூறிய இரு அணிகள் வரவில்லை. கட்டணம் பெறாமலேயே அவற்றின் பெயரைக் குலுக்கலில் சேர்த்தது எங்கள் தவறு. அவற்றை எதிர்த்து ஆட வேண்டிய அணிகள் ஆடாமலேயே அடுத்த சுற்றுக்குச் சென்றன, சனிக்கிழமை இரண்டு மணி நேரம் களம் வெறிச்சோடியது, கூட்டம் கலைந்தது, கடையின் விற்பனையும் குறைந்தது. மாலையில் பெய்த மழையால் ஆட்டம் நின்று, இரவு நீண்டு, ஜெனரேட்டருக்கு 3,000 ரூபாய் கூடுதலாயிற்று. அதை எதிர்பாராச் செலவிலிருந்து கொடுத்தோம். அணிகள் குறைந்ததால் உணவில் 1,500 மீதமாயிற்று. ஆக, உண்மைச் செலவு 49,500 ரூபாய்.

வரவோ நுழைவுக் கட்டணம் 14,000, விளம்பரம் 33,000 ஆக 47,000 மட்டுமே. விளம்பரத்தில் 4,000 ரூபாய் வாக்காகவே நின்றுவிட்டது. பற்றாக்குறை 2,500 ரூபாயைச் சிற்றுண்டிக் கடையின் இலாபமான 14,500-லிருந்து ஈடுகட்ட வேண்டியதாயிற்று. மேசைக் கணக்கிற்கு உரிய பணத்தை அவ்வாறு எடுத்ததை மறைக்க விரும்பவில்லை; பொறுப்பு எங்களுடையது. எஞ்சிய 12,000 மேசைக் கணக்கில் சேர்ந்தது.

மேசைக்கு 24 குடும்பத்தினர் வாக்களித்தனர், 22 குடும்பத்தினர் செலுத்தினர், தொகை 88,000. கடை இலாபத்துடன் சேர்த்து சரியாக 1,00,000 ரூபாய். அதைக் கொண்டு 25 பெஞ்சுகள் வாங்கினோம். பணத்தைப் பள்ளியிடம் கொடாமல் கடைக்கே நேரடியாகச் செலுத்தினோம். 25 பெஞ்சுகளும் பள்ளியின் இருப்புப் பதிவேட்டில் ஏற்றப்பட்ட பக்கத்தின் நகல், தலைமையாசிரியரின் கையொப்பத்துடன் எங்களிடம் உள்ளது. ரசீதின் அடிக்கட்டைகளும் பில்களும் ஜமாஅத் அலுவலகத்தில் வைக்கப்பட்டுள்ளன, எவரும் பார்வையிடலாம்.

அடுத்த முறைக்கு மூன்று திருத்தங்களை எழுதி வைத்துள்ளோம். கட்டணம் செலுத்திய அணியின் பெயர் மட்டுமே குலுக்கலில் இடம்பெற வேண்டும். விளம்பரப் பணம் கைக்கு வந்த பின்னரே பேனர் அச்சிட வேண்டும். வாக்குறுதியை வரவாக எழுதலாகாது. நடத்தும் செலவுக்குரிய வரவு முழுவதும் போட்டிக்கு ஒரு வாரம் முன்பே சேராவிடில், விளக்கைத் தவிர்த்துப் பகல் ஆட்டமாகச் சுருக்கிக்கொள்ள வேண்டும். அவ்வாறு செய்திருந்தால் அந்த 2,500 ரூபாயைத் தொட நேர்ந்திராது.

ஜமாஅத்தார்களே! 75 பிள்ளைகள் இன்று பெஞ்சில் அமர்ந்து எழுதுகின்றனர். 15 பிள்ளைகள் இன்னும் தரையில்தான் இருக்கின்றனர். எட்டாம் வகுப்பினருக்கே முதலில் கொடுத்ததால், அந்தப் பதினைந்து பேரும் ஆறாம் வகுப்பின் சின்னஞ்சிறுவர்கள். இன்னும் தேவை 5 பெஞ்சுகள், 20,000 ரூபாய். வாக்களித்த இரு குடும்பத்தாரும் செலுத்திவிட்டால் 12,000 ரூபாய் போதும். இதற்காக இன்னொரு போட்டி நடத்துவது முறையன்று. அதன் செலவே இத்தொகையினும் பன்மடங்காகும். விருப்பமுடையோர் பொருளாளரிடம் செலுத்தி, ரசீது கேட்டுப் பெற்றுக்கொள்ள வேண்டுகின்றோம்.

வஸ்ஸலாம்.