மார்பகச் சத்திரசிகிச்சைக்குப் பின் கொழுந்து எடுக்கும் கை

(மாதர் அணிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம்மோடு மலைக்கு வரும் ஒரு சகோதரியின் அனுபவத்தை அவருடைய சம்மதத்தோடு சொல்கிறோம். அவருடைய வலது மார்பில் மொச்சைக்கொட்டை அளவில் ஒரு கட்டி இருந்தது. வலி இல்லை. வலி இல்லாததால் மூன்று மாதம் யாரிடமும் சொல்லவில்லை. புற்றுநோய்க் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை என்பது அவருக்குத் தெரியாது. கடைசியில் மார்பையும், அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுக்கவேண்டி வந்தது.

கட்டியை நாமே தேடிப் பார்க்கலாம். மாதவிடாய் தொடங்கி 7 முதல் 10 நாளுக்குள் பாருங்கள், அப்போது மார்பு மிருதுவாக இருக்கும். மாதவிடாய் நின்றவர்கள் சம்பள நாளை வைத்துக்கொள்ளுங்கள், மறக்காது. பீலியில் துணியோடு குளிக்கும்போது இதைச் செய்யமுடியாது. இரவு காம்பராவில் படுத்தபடி செய்யுங்கள். வலது மார்பைப் பார்க்க வலது கையைத் தலைக்குப் பின்னால் வையுங்கள். இடது கையின் நடு மூன்று விரல்களின் உட்பகுதியால் சின்னச் சின்ன வட்டமாகத் தடவுங்கள். முதலில் மெதுவாக, பிறகு கொஞ்சம் அழுத்தி, பிறகு நன்றாக அழுத்தி. அக்குளில் ஆரம்பித்து, மேலும் கீழுமாக நடு நெஞ்சு வரை வாருங்கள். காறை எலும்பிலிருந்து மார்புக்குக் கீழ்வரை ஓரிடமும் விடக்கூடாது. பிறகு மற்றப் பக்கம். கண்ணாடியில் தோல் குழிவிழுதல், காம்பு புதிதாக உள்ளிழுத்தல், காம்பில் இரத்தம் கசிதல் உண்டா என்றும் பாருங்கள்.

கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. ஆனால் எது என்று விரல் சொல்லாது, பரிசோதனைதான் சொல்லும். கையில் ஒன்றும் தட்டுப்படாவிட்டாலும், 35 வயதானவர்கள் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போய் மார்பைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். நாளைக் குடும்பநல மாதுவிடம் கேளுங்கள். கட்டி தட்டுப்பட்டால் கிளினிக் நாள்வரை காத்திருக்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள்.

இனி அந்தச் சகோதரியின் கையைப் பற்றி. கையில் ஊறும் நிணநீர் அக்குள் முடிச்சுகள் வழியாகத்தான் வடிகிறது. அவற்றை எடுத்துவிட்டால் வாய்க்கால் அடைபட்டதுபோல் நீர் கையில் தேங்கலாம். எல்லோருக்கும் வருவதில்லை. வந்தால் சில மாதத்திலும் வரலாம், பல வருடம் கழித்தும் வரலாம்.

அவர் இரண்டு தவறு செய்தார். முதலில், பயந்துபோய் கையை அசைக்காமலே வைத்திருந்தார், தோள் இறுகிவிட்டது. சத்திரசிகிச்சை முடிந்த மறுநாளிலிருந்தே விரலை மடக்கி விரிக்கலாம், முழங்கையை மடக்கலாம். வடிகுழாய் இருக்கும்வரை கையைத் தோளுக்கு மேல் தூக்கவேண்டாம். அது எடுத்த பிறகு, தாதி காட்டித்தரும்படி, சுவரில் விரல்களால் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறிப் பழகவேண்டும்.

இரண்டாவது, மலைக்குத் திரும்பியபோது தேயிலைச் செடி கீறிய ஒரு சிறு காயத்தை அவர் கவனிக்கவில்லை. இரண்டே நாளில் கை சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தது. அந்தக் கைக்குக் கிருமியை எதிர்க்கும் பலம் குறைவு. ஆகவே முழுக்கைச் சட்டை போடுங்கள். கீறலோ அட்டைக் கடியோ பட்டால் உடனே சவர்க்காரம் போட்டுக் கழுவி, துணி சுற்றுங்கள். சிவப்பும் காய்ச்சலும் கண்டால் அன்றே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். ஊசி போடவும் இரத்த அழுத்தம் பார்க்கவும் மற்றக் கையைக் கொடுங்கள். சூட்டு ஒத்தடம் வேண்டாம். அந்தப் பக்கம் மரத்திருந்தால் தோல் வெந்தாலும் தெரியாது. எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்ப்பதும், துணியால் இறுக்கிக் கட்டுவதும் வேண்டாம். அழுத்த உறை தேவையென்றால் கிளினிக்கில் அளவு பார்த்தே போடவேண்டும்.

வீக்கத்தை ஆரம்பத்திலேயே பிடிக்க ஒரு தையல் நாடா போதும். மணிக்கட்டு, முழங்கைக்கு மேல் 10 சென்ரிமீற்றர், கீழே 10 சென்ரிமீற்றர் ஆகிய மூன்று இடத்தில் இரண்டு கையையும் மாதம் ஒருமுறை அளந்து எழுதுங்கள். முடிந்தால் சத்திரசிகிச்சைக்கு முன்பே ஓர் அளவு எடுங்கள், பழக்கமான கை இயல்பிலேயே சற்றுப் பெரிதாக இருக்கும். முன்பிருந்ததைவிட வித்தியாசம் 2 சென்ரிமீற்றர் கூடினாலோ, வளையல் இறுகினாலோ, கை பாரமாக இருந்தாலோ கிளினிக்கில் காட்டுங்கள். ஆரம்பத்தில் காட்டினால் குறைக்கலாம். நாள்பட்டு இறுகிய வீக்கம் முழுவதும் வற்றாது.

கடைசியாக வேலை. அவருக்குக் கிடைத்த கடிதத்தில் ‘இலேசான வேலை’ என்று மட்டும் இருந்தது. அதைக் காட்டியும் அவருக்குக் கொழுந்துச் சாக்குத்தான் கொடுத்தார்கள். ஆகவே வைத்தியரிடம் கேளுங்கள்: எந்தக் கை, எத்தனை கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது, எந்தத் திகதிவரை. இந்த மூன்றும் எழுதிய கடிதத்தின் பிரதியைத் தோட்டத் தலைவரிடம் கொடுத்துவிட்டு வேலைக்குப் போங்கள். அதை வைத்துத்தான் நாங்கள் துரையிடம் பேசமுடியும்.