மூடிய பட்டறையில் பார்த்த வேலைக்குச் சான்று

(தில்லை நகரில் நடந்த வேலைவாய்ப்பு வழிகாட்டி அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம்மில் பல வீடுகளில் துவாக்குடி, திருவெறும்பூர் பக்கம் பட்டறைகளில் வேலை பார்த்த பிள்ளைகள் இருக்கிறார்கள். பெல் நிறுவனத்துக்குக் கொதிகலன் பாகங்களைச் செய்து கொடுத்து வந்த சிறு தொழிற்கூடங்கள் அவை. ஆர்டர் குறைந்ததும் அவற்றில் பல மூடிவிட்டன. வேலை போனது ஒரு கஷ்டம். வெளிநாட்டுக்கு மனுப் போடும்போது இன்னொரு கஷ்டம் வருகிறது: "அனுபவச் சான்றிதழ் எங்கே?" என்று கேட்கிறார்கள். கையெழுத்துப் போட வேண்டிய கம்பெனியே இல்லை.

அந்த நிலையில் என்ன செய்வது என்பதை ஒரே ஒரு உதாரணத்தை வைத்துச் சொல்கிறேன். ஐ.டி.ஐ. படித்த ஒரு வெல்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2014 அக்டோபரில் துவாக்குடியில் ஒரு பட்டறையில் சேர்ந்தார். 2018 ஆகஸ்டில் பட்டறை மூடும்வரை அங்கேயே இருந்தார். மாதச் சம்பளம் 18,000 ரூபாய். இப்போது கனடாவுக்கு மனுப் போடுகிறார். கனடா குடியேற்றத் துறை கேட்பது கம்பெனி லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம். அதில் வேலை பார்த்த காலம், பதவி, என்னென்ன வேலை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம், மேலாளர் கையெழுத்து எல்லாம் இருக்க வேண்டும். அது கிடைக்காது என்றால், ஏன் கிடைக்கவில்லை என்று எழுதி விளக்கி, வேறு ஆதாரங்களை வைக்கலாம். அந்த வழி திறந்தே இருக்கிறது.

வேறு ஆதாரம் என்பது இரண்டு வகை. ஒன்று சம்பளம் வந்த பதிவு. மற்றொன்று கூட வேலை பார்த்தவர் கொடுக்கும் உறுதிமொழிப் பத்திரம். சம்பளப் பதிவு யாரிடம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, எவ்வளவுக்கு என்பதைக் காட்டும். ஆனால் அவர் வெல்டிங் செய்தாரா, வாட்ச்மேனாக இருந்தாரா என்பது அதில் தெரியாது. அதைச் சொல்ல ஆள் வேண்டும். ஆள் சொல்வதை மட்டும் வைத்தால், நண்பர்கள் கூடி எழுதிக்கொண்டது என்று அதிகாரி ஒதுக்கிவிடலாம். இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்க வேண்டும்.

முதலில் சம்பளப் பதிவு. இதில் வலுவானது வருங்கால வைப்பு நிதி, நாம் பி.எஃப். என்று சொல்வது. அது முதலாளி கையில் இல்லை, அரசு நிறுவனத்தின் கையில் இருக்கிறது. பட்டறை மூடினாலும் பதிவு அழியாது. யு.ஏ.என். எண்ணை வைத்து உறுப்பினர் தளத்துக்குள் போய் View என்பதன் கீழ் Service History பாருங்கள். நிறுவனத்தின் பெயர், சேர்ந்த தேதி, விலகிய தேதி இருக்கும். passbook.epfindia.gov.in தளத்தில் மாதவாரிப் பாஸ்புக் இருக்கும்.

நம் வெல்டரின் பாஸ்புக்கில் மாதச் சம்பளம் 18,000 என்று இருக்காது, 15,000 என்று இருக்கும். 2014 செப்டம்பரிலிருந்து பி.எஃப்.புக்கான சம்பள உச்சவரம்பு 15,000. அதோடு நிறுத்திக்கொள்ளும் பட்டறைகள் அதிகம். தொழிலாளி பங்கு 12 சதவீதம், 1,800 ரூபாய். முதலாளி பங்கும் அதே 1,800 ரூபாய்தான். மனுவில் 18,000 என்று எழுதி, பாஸ்புக்கில் 15,000 இருந்தால் அதிகாரிக்குச் சந்தேகம் வரும். அதை விளக்குவது வங்கி ஸ்டேட்மெண்ட்.

வேறு பிடித்தம் இல்லை என்று வைத்துக்கொண்டால், 18,000-இல் 1,800 போக மாதாமாதம் 16,200 வங்கிக்கு வந்திருக்கும். 2017 ஜனவரியிலிருந்து இ.எஸ்.ஐ. வரம்பு 15,000-லிருந்து 21,000 ஆக உயர்ந்தது. இவரும் அதற்குள் வந்துவிட்டார். அன்றைய தொழிலாளி பங்கு 1.75 சதவீதம், 18,000-க்கு 315 ரூபாய். ஆகவே அந்த மாதச் சம்பளத்திலிருந்து வங்கிக்கு வருவது 15,885 ஆகக் குறைந்திருக்கும். இந்தக் கணக்கை ஒரு பக்கத்தில் எழுதி ஸ்டேட்மெண்ட்டோடு வையுங்கள். மூன்று இடத்துப் பதிவு ஒரே கணக்கில் ஒத்துப்போனால், அதை யாரும் ஜோடித்தது என்று சொல்ல முடியாது.

வங்கி ஸ்டேட்மெண்ட்டைத் தள்ளிப் போடாதீர்கள். பழைய பரிவர்த்தனைப் பதிவை வங்கிகள் 5 ஆண்டுகளாவது வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அதற்கு மேற்பட்டதைக் கிளையில் எழுத்து மூலம் கேட்டுப் பார்க்க வேண்டும். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். வங்கியின் பெயர் மாறியிருந்தாலும் பயப்பட வேண்டாம். கரூர் லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டி.பி.எஸ். வங்கியோடு இணைந்தது. சிண்டிகேட் வங்கி 2020 ஏப்ரலில் கனரா வங்கியோடு இணைந்தது. இணைந்த வங்கியில்தான் கேட்க வேண்டும். ஸ்டேட்மெண்ட்டில் கிளையின் முத்திரையும் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள்.

மூடப்போகும் பட்டறைகளில் அடிக்கடி நடக்கும் ஒன்று இருக்கிறது. பாஸ்புக்கில் கடைசிச் சம்பள மாதம் 2018 மார்ச் என்று நின்றுவிடும். வங்கியிலோ ஆகஸ்ட் வரை பணம் வந்திருக்கும். அந்த ஐந்து மாதமும் 15,885-தான் வந்திருந்தால், பி.எஃப். பிடித்தார்கள், ஆனால் கட்டவில்லை என்று பொருள். அதற்குத் தனியாகப் புகார் கொடுக்கலாம். அனுபவச் சான்றுக்கு, அந்த ஐந்து மாதத்துக்கும் வங்கிப் பதிவுதான் ஆதாரம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பட்டறை விலகிய தேதியைப் போடாமல் விட்டிருந்தால், கடைசிச் சந்தா வந்து இரண்டு மாதம் கழித்து உறுப்பினரே தளத்தில் போட்டுக்கொள்ளலாம். ஆனால் கடைசிச் சந்தா எந்த மாதத்துக்கோ அந்த மாதத்துத் தேதியைத்தான் போட முடியும். நம் வெல்டர் அவசரத்தில் போட்டால் பி.எஃப். பதிவில் மார்ச்சோடு வேலை முடிந்துவிடும். பிறகு மனுவில் ஆகஸ்ட் என்று எழுதினால் முரண்பாடு. அப்படிப் போட்டுவிட்டவர்கள் அந்தக் காரணத்தை விளக்கக் கடிதத்தில் மறைக்காமல் எழுத வேண்டும்.

இன்னொன்று. பாஸ்புக்கில் இருக்கும் நிறுவனப் பெயரைப் படித்துப் பாருங்கள். நீங்கள் வேலை பார்த்தது ஒரு பட்டறை, பி.எஃப். கட்டியது ஆள் கொடுத்த லேபர் காண்ட்ராக்டர் என்று இருக்கும். அப்போது சட்டப்படி உங்கள் முதலாளி அந்தக் காண்ட்ராக்டர். அவர் இன்னும் தொழில் செய்துகொண்டிருந்தால், கடிதத்தை அவரிடமே வாங்கலாம். பட்டறை மூடியது உங்களுக்குத் தடையே இல்லை.

அடுத்தது, கூட வேலை பார்த்தவரின் உறுதிமொழிப் பத்திரம். மூடிய பட்டறையின் பழைய பங்குதாரர் கொடுத்தால் மிக நல்லது. இல்லையென்றால் மேற்பார்வையாளர், அதுவும் இல்லையென்றால் சக தொழிலாளி. மச்சானும் சகலையும் அங்கே வேலை பார்த்திருந்தாலும் அவர்களைத் தவிர்ப்பது நல்லது.

பத்திரம் கொடுப்பவர் முதலில் தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டும்: தான் எந்தப் பதவியில், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை இருந்தார் என்று. பிறகு தான் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும். "இவர் நல்ல வெல்டர், ஒழுக்கமானவர்" என்பதால் பயனில்லை. "நான் அங்கே வெல்டிங் சூப்பர்வைசர். இவர் என் ஷிஃப்டில் கொதிகலன் குழாய்களுக்கு டிக் வெல்டிங் செய்தார். வாரம் ஆறு நாள், நாளுக்கு எட்டு மணி நேரம்" என்று இருக்க வேண்டும். மணி நேரம் முக்கியம். வாரம் 30 மணி நேரம் இருந்தால்தான் கனடாவில் முழுநேர வேலை. அது எந்தப் பாஸ்புக்கிலும் இல்லை.

அந்த சூப்பர்வைசர் 2016 ஜனவரியில்தான் சேர்ந்தார் என்றால், 2014-ஐயும் 2015-ஐயும் பற்றி அவர் சொல்ல முடியாது. அந்தக் காலத்துக்கு இன்னொருவர் வேண்டும். ஆகவே பெரும்பாலும் இரண்டு பத்திரம் தேவைப்படும். இரண்டையும் ஒரே வாசகத்தில் டைப் அடிக்காதீர்கள். அவரவர் பார்த்ததை அவரவர் சொல்லில் எழுதட்டும்.

பத்திரத்தோடு, கொடுப்பவர் தம் அடையாள அட்டை நகலையும் தம் பி.எஃப். Service History-யையும் இணைக்க வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான். பி.எஃப். உறுப்பினர் எண்ணில் முதலில் அலுவலகத்தின் எழுத்துகள், நடுவில் நிறுவனத்தின் எண், கடைசியில் ஆளின் எண் இருக்கும். இருவரின் நிறுவன எண்ணும் ஒன்றாக இருந்தால், இருவரும் ஒரே நிறுவனத்துப் பதிவில் இருந்தார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். நோட்டரி முன்னால் வந்து அங்கேயே கையெழுத்துப் போட வேண்டும். பத்திரம் தமிழில் இருந்தால் சான்று பெற்ற ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும்.

வெல்டர்களுக்கு இன்னொரு துணை உண்டு. வெல்டர் தகுதித் தேர்வுப் பதிவின் நகல் வீட்டில் இருக்கிறதா என்று தேடுங்கள். அதில் உங்கள் பெயர், பட்டறையின் பெயர், தேதி, வெல்டிங் முறை எல்லாம் இருக்கும். பத்திரத்தில் சொன்னதற்கு அது காகித ஆதாரம்.

பட்டறை மூடியதையும் காட்ட வேண்டும். பிரைவேட் லிமிடெட் என்றால் கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் அதன் நிலை தெரியும். பங்கு நிறுவனம், தனி உரிமையாளர் என்றால் gst.gov.in தளத்தில் Search Taxpayer போய்ப் பாருங்கள். பதிவு ரத்தாகியிருந்தால் அங்கே காட்டும். அந்தப் பக்கத்தை அச்செடுத்து விளக்கக் கடிதத்தோடு வையுங்கள்.

கடைசியாக, கசப்பான ஒரு விஷயம். பழைய லெட்டர்ஹெட்டை அச்சடித்து, பழைய தேதி போட்டுக் கடிதம் தயாரித்துத் தருவதாகச் சிலர் சொல்வார்கள். பழைய முதலாளியே கையெழுத்துப் போட்டாலும், மூடிய கம்பெனியின் பெயரில் பின்தேதியிட்ட கடிதம் பொய்க் கடிதம்தான். கனடாவில் அது பிடிபட்டால் ஐந்து ஆண்டு நுழையத் தடை. உண்மையாகவே நான்கு வருடம் உழைத்தவர், ஒரு பொய்க் காகிதத்தால் அந்த உழைப்பையும் இழக்கிறார். முதலாளி கையெழுத்துப் போடத் தயார் என்றால், இன்றைய தேதியில், "இந்தப் பட்டறையை நடத்தி வந்தேன், இப்போது மூடிவிட்டேன்" என்று உறுதிமொழிப் பத்திரம் கொடுக்கட்டும். அது கடிதத்தைவிட வலுவானது.

சாட்சி சொல்பவருக்கும் இதே பொறுப்பு உண்டு. கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கவும், சாட்சி வைக்கவும், கேட்கும்போது சாட்சியத்தை மறைக்காமல் இருக்கவும் நம் மார்க்கம் சொல்கிறது. பொய் சாட்சி பெரும் பாவம். பழைய நண்பர் வந்து கேட்டால், பார்த்ததைச் சொல்லக் கையெழுத்துப் போடுங்கள். பார்க்காததற்குப் போடாதீர்கள்.

இப்போது வேலையில் இருப்பவர்கள், இன்று இரவே பாஸ்புக்கை இறக்கிச் சேர்ந்த தேதி சரியா என்று பாருங்கள். தவறு இருந்தால் முதலாளி இருக்கும்போதே திருத்துவது எளிது. மூன்று சக தொழிலாளிகளின் தொலைபேசி எண்ணையும் சொந்த ஊர் முகவரியையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பட்டறை மூடிய பிறகு அவர்களைத் தேடுவதுதான் எல்லாவற்றிலும் சிரமமான வேலை.

அல்லாஹ் நம் அனைவருக்கும் ஹலாலான ரிஸ்க்கைத் தருவானாக. வஸ்ஸலாம்.