மிச்சத் தொகை சொல்லும் கணக்கு

சுங்காயிலிருந்து ஈப்போவுக்கு வாரத்தில் பலமுறை வண்டி ஓட்டுகிறவர்களை மனத்தில் வைத்து இன்று பேசப் போகிறேன். காய்கறி ஏற்றிப் போகிற வேன்காரர்கள், மருத்துவமனைக்குப் பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள், தோட்டத்து வீட்டைவிட்டு நகரத்து வேலைக்குப் போய் வார இறுதியில் திரும்புகிற பிள்ளைகள் என்று பலர் இருக்கிறீர்கள். பழைய சடக்கில் போனால் பீடோர், தாப்பா, கம்பார் என்று ஒவ்வொரு ஊரிலும் நின்று நின்று போக வேண்டும். அதனால் பெரும்பாலோர் பிளஸ் நெடுஞ்சாலையில் ஏறிவிடுகிறோம். டோலுக்குப் பணம் அட்டையிலிருந்தோ கண்ணாடியில் ஒட்டிய ஆர்.எஃப்.ஐ.டி. வில்லையிலிருந்தோ போய்விடுகிறது. போன பணம் சரியாகத்தான் போனதா என்று பார்க்கிறவர் குறைவு. அதைப் பார்க்கும் முறையை இன்று சொல்கிறேன். ஒரு நோட்டுப் புத்தகமும் கைப்பேசியும் இருந்தால் போதும்.

முதலில் நமது பாதையில் டோல் எப்படி வசூலாகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். சுங்காயில் ஏறும்போது அட்டையைத் தொடுகிறோம். அப்போது பணம் கழிவதில்லை. எந்தச் சாவடியில், எத்தனை மணிக்கு ஏறினோம் என்ற குறிப்பு மட்டும் பதிவாகிறது. ஈப்போ செலாத்தானில் இறங்கும்போது அந்தக் குறிப்பைப் படித்து, தூரத்துக்கு ஏற்றபடி பணம் கழிகிறது. 2020 பிப்ரவரியில் பிளஸ் கட்டணம் 18 விழுக்காடு குறைந்த பிறகு, சாதாரணக் காருக்குக் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 11 சென். சுங்காய்க்கும் ஈப்போவுக்கும் நடுவே சுமார் 75 கிலோமீட்டர் என்றால் எட்டு வெள்ளி சொச்சம் வரும். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று இன்று எட்டு வெள்ளி என்றே வைத்துக்கொள்வோம்.

அடுத்தது, பணம் எங்கே இருக்கிறது என்பது. 1997-இல் புழக்கத்துக்கு வந்த டச் அண்ட் கோ அட்டையில் பணத்தின் கணக்கு அட்டைக்குள் இருக்கும் சில்லிலேயே இருக்கிறது. சாவடி இயந்திரம் அந்தச் சில்லில் எட்டு வெள்ளியைக் கழித்து, புது மிச்சத்தை எழுதிவிடுகிறது. நிறுவனத்தின் கணினிக்கு அந்தச் செய்தி பிறகுதான் போய்ச் சேரும். ஸ்மார்ட் டேக் கருவியும் அதற்குள் செருகிய அட்டையிலிருந்துதான் கழிக்கிறது. ஆர்.எஃப்.ஐ.டி. வில்லை வேறு மாதிரி. அதில் பணமே கிடையாது, வண்டியின் அடையாளம் மட்டும்தான் இருக்கிறது. பணம் கைப்பேசியிலுள்ள இ-வாலட்டிலிருந்து கழிகிறது. ஜூருவிலிருந்து ஸ்கூடாய் வரை பிளஸ் சாவடிகளில் இந்த முறை 2022 ஜனவரி 15-ஆம் தேதி தொடங்கியது. இரண்டும் ஒரே டோல்தானே என்று நினைக்கத் தோன்றும். ஆனால் தவறு நடந்தால் கண்டுபிடிக்கும் வழி இரண்டுக்கும் வெவ்வேறு.

அட்டையை முதலில் எடுத்துக்கொள்வோம். ஒரு வேன்காரர் செவ்வாய்க்கிழமை காலையில் கிளம்பும்போது அட்டையில் 50 வெள்ளி இருக்கிறது. ஈப்போவில் இறங்குகிறார், 8 வெள்ளி கழிகிறது. மாலையில் சுங்காய் திரும்புகிறார், இன்னொரு 8 வெள்ளி. அடுத்த வாரம் அவர் கணக்கறிக்கையைப் பார்க்கும்போது மூன்று வரிகள் இருக்கின்றன. காலைப் பயணம் இரண்டு முறை வந்திருக்கிறது. நேரமும் ஒன்று, சாவடியும் ஒன்று, தொகையும் ஒன்று. இரட்டிப்பாக எடுத்துவிட்டார்கள் என்று யாருக்கும் கோபம் வரும்.

உடனே கோபப்படாமல், ஒவ்வொரு வரியிலும் மிச்சத் தொகை என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதைப் பாருங்கள். முதல் வரியில் 42 வெள்ளி. இரண்டாவது வரியிலும் 42 வெள்ளி. மாலை வரியில் 34 வெள்ளி. அப்படியானால் சில்லிலிருந்து பணம் காலையில் ஒரு முறைதான் போயிருக்கிறது. அந்தச் செய்திதான் கணினிக்கு இரண்டு முறை போயிருக்கிறது. பரிவர்த்தனை எண் என்ற கட்டத்தையும் பார்த்தால் இரண்டு வரிக்கும் ஒரே எண் இருக்கும். இங்கே பண நஷ்டம் எதுவும் இல்லை.

இதே மூன்று வரிகளில் மிச்சம் 42, 34, 26 என்று இறங்கியிருந்தால் கதை வேறு. எண்களும் வெவ்வேறாக இருந்தால், சில் இரண்டு முறை கழிக்கப்பட்டிருக்கிறது. அந்த 8 வெள்ளி உங்களுக்கு வர வேண்டிய பணம். மாதக் கடைசியிலும் இதே சோதனையைச் செய்யலாம். மாதத் தொடக்கத்தில் இருந்த மிச்சத்தோடு நீங்கள் ஏற்றிய தொகையைக் கூட்டி, எல்லாக் கழிவுகளையும் கழியுங்கள். வருகிற எண்ணும் அட்டையில் இப்போது இருக்கிற மிச்சமும் ஒத்துப்போக வேண்டும். கார் நிறுத்துமிடத்துக்கும் ரயிலுக்கும் அதே அட்டையைப் பயன்படுத்தியிருந்தால் அந்த வரிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பலருக்குக் கணக்கு இடிப்பது அந்த இடத்தில்தான்.

இனி நான் மிகவும் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். உண்மையான இரட்டைக் கழிவு பெரும்பாலும் ஒரே அறிக்கைக்குள் தெரியாது. ஆர்.எஃப்.ஐ.டி. பாதையில் போகிறீர்கள். தடுப்பு உயரவில்லை. பின்னால் வண்டிகள் ஹார்ன் அடிக்கின்றன. அவசரத்தில் அட்டையை எடுத்துத் தொடுகிறீர்கள், தடுப்பு உயர்கிறது, போய்விடுகிறீர்கள். ஆனால் வில்லையையும் இயந்திரம் தாமதமாகப் படித்திருந்தால், அட்டையில் 8 வெள்ளியும் இ-வாலட்டில் 8 வெள்ளியும் போயிருக்கும். அட்டையின் அறிக்கையைத் தனியாகப் பார்த்தால் ஒரே வரி, எல்லாம் சரி. இ-வாலட்டைத் தனியாகப் பார்த்தாலும் ஒரே வரி, அதுவும் சரி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான், ஒரே வண்டி ஒரே சாவடியில் சில நொடி இடைவெளியில் இரண்டு முறை இறங்கியதாகப் பதிவாகியிருப்பது தெரியும்.

அப்படி ஒப்பிடும்போது ஒன்றைக் கவனியுங்கள். வரியில் இரண்டு தேதிகள் இருக்கலாம். ஒன்று நீங்கள் சாவடியைக் கடந்த நேரம், மற்றொன்று கணக்கில் ஏறிய தேதி. ஆர்.எஃப்.ஐ.டி. கழிவு மறுநாள்கூட ஏறலாம். செவ்வாய்ப் பயணம் புதன்கிழமை கணக்கில் ஏறினால், புதன் பயணத்துக்கு இரண்டு கழிவு என்று தவறாக எண்ணத் தோன்றும். எனவே கடந்த நேரத்தை மட்டும் வைத்து ஒப்பிடுங்கள்.

இன்னொரு சோதனையும் உண்டு. அதற்குக் கணிதம்கூட வேண்டாம், பாதை தெரிந்தால் போதும். ஈப்போவில் இறங்கிய வண்டி மறுபடி ஈப்போவில் இறங்க வேண்டுமானால், நடுவில் எங்காவது ஏறியிருக்க வேண்டும். அந்த ஏற்றம் அறிக்கையில் இல்லையென்றால் ஒரு வரி தவறு. அதேபோல மணிக்கு 110 கிலோமீட்டர் என்ற வரம்பில் ஓட்டினால் ஈப்போவிலிருந்து சுங்காய்க்கு 40 நிமிடத்துக்குக் குறைந்து வர முடியாது. 15 நிமிடத்தில் வந்ததாக வரி இருந்தால், அது உங்கள் வண்டி இல்லை.

சில சமயம் அது உங்கள் குடும்பத்து வண்டியாகவே இருக்கும். ஒரே இ-வாலட்டில் பல வண்டிகளைச் சேர்க்கலாம் என்பதால், மகன் தஞ்சோங் மாலிமில் இறங்கிய கட்டணம் அப்பாவின் கணக்கில் வந்திருக்கும். வண்டி எண்ணைப் பார்த்தால் தெரிந்துவிடும். கால் வைக்காத ஊரின் சாவடிப் பெயர் தொடர்ந்து வந்தால், முன்பு விற்ற காரை நினைத்துப் பாருங்கள். கண்ணாடியிலோ முன்விளக்கிலோ ஒட்டிய வில்லையை ரத்து செய்யாமல் விற்றிருந்தால், வாங்கியவர் ஓட்டுகிற டோலை நீங்கள் கட்டிக்கொண்டிருப்பீர்கள். இயந்திரம் இதில் எந்தத் தவறும் செய்யவில்லை. ஆனாலும் பணம் உங்களுடையது. செயலியில் அந்த வில்லையை இன்றே நிறுத்துங்கள்.

தொகை அதிகமாக இருப்பதும் ஒரு வகைத் தவறு. சுங்காயில் ஏறிய குறிப்பு பதியாமல் போனாலோ, ஏறும்போது ஒரு அட்டையும் இறங்கும்போது வேறு அட்டையும் தொட்டாலோ, நீங்கள் எங்கிருந்து வருகிறீர்கள் என்று இறங்கும் சாவடிக்குத் தெரியாது. காகிதச் சீட்டு கொடுத்த காலத்திலிருந்தே, ஏறிய இடத்துக்கு ஆதாரம் இல்லையென்றால் மிகத் தொலைவான இடத்திலிருந்து வந்ததாகக் கொண்டு உச்சக் கட்டணம் வாங்கலாம் என்பதுதான் நடைமுறை. எட்டு வெள்ளிப் பயணத்துக்குப் பல மடங்கு கழிந்திருந்தால், ஏறிய இடம் என்ற கட்டத்தை முதலில் பாருங்கள். அது காலியாகவோ, நீங்கள் போகாத ஊராகவோ இருக்கும். இதைச் சாவடியிலேயே தீர்ப்பதுதான் நல்லது. தடுப்பு உயராவிட்டால் வேறு அட்டையை நீட்டாதீர்கள். உதவிப் பொத்தானை அழுத்தி, சுங்காயில் ஏறினேன், இத்தனை மணிக்கு ஏறினேன் என்று சொல்லுங்கள். அவர்களால் வண்டி எண்ணை வைத்துத் தேட முடியும்.

ஏறிய இடமும் இறங்கிய இடமும் சரி, தொகை மட்டும் வழக்கத்தைவிடக் கூடுதல் என்றால், வண்டியின் வகுப்பைப் பாருங்கள். இரண்டு அச்சும் நான்கு சக்கரமும் உள்ள கார், வேன் முதல் வகுப்பு. பின்னால் இரட்டைச் சக்கரம் உள்ள சிறு லாரி இரண்டாம் வகுப்பு. உங்கள் நான்கு சக்கர வேன் இரண்டாம் வகுப்பாகப் பதிவாகியிருந்தால் அது திருத்த வேண்டிய தவறு. இறங்கும்போது சாவடித் திரையில் தொகையும் மிச்சமும் தோன்றுகிற அந்த இரண்டு நொடியும் கண் அங்கே இருக்கட்டும்.

புகார் செய்யும்போது, அதிகமாக எடுத்துவிட்டார்கள் என்று மட்டும் சொன்னால் வேலை நடக்காது. தேதி, கடந்த நேரம், ஏறிய சாவடி, இறங்கிய சாவடி, முடிந்தால் பாதை எண், அட்டை எண் அல்லது வண்டி எண், இரண்டு வரிகளின் பரிவர்த்தனை எண்கள், அவற்றின் மிச்சத் தொகை ஆகியவற்றை எழுதிக் கொடுங்கள். சாவடிகளில் கேமரா இருக்கிறது, நேரம் சரியாக இருந்தால் அவர்கள் பார்க்க முடியும். வகுப்பும் ஏறிய இடமும் தவறாக இருந்தால் நெடுஞ்சாலை நிறுவனத்திடம் தொடங்குங்கள். அட்டையிலும் இ-வாலட்டிலும் இரண்டு முறை போயிருந்தால் பண அட்டை நிறுவனத்திடம் தொடங்குங்கள். திரும்ப வரும் பணம் எந்தக் கணக்கில் வரும் என்பதையும் அப்போதே கேட்டு வையுங்கள். அட்டைச் சில்லுக்குள் அது தானாகப் போய் உட்காராது.

வண்டியில் ஒரு சிறு நோட்டு வையுங்கள். ஏறிய ஊர், இறங்கிய ஊர், மணி, திரையில் கண்ட மிச்சம் என்று நான்கே குறிப்பு போதும். வண்டி நின்ற பிறகு எழுதுங்கள், ஓட்டும்போது வேண்டாம். இந்த மாத அறிக்கையை இன்றிரவே எடுத்துப் பாருங்கள். அட்டை, வில்லை இரண்டும் வைத்திருப்பவர்கள் இரண்டு அறிக்கையையும் சேர்த்தே எடுங்கள்.