சிறங்கையும் கிராமும்



இன்று உங்களுக்கு ஒரு கதை சொல்லலாமென எண்ணுகிறேன். யாழ்ப்பாணத்து அடுப்படி ஒன்றில் நடக்கும் கதை.

ஆச்சியின் அளவெல்லாம் கையளவுதான். விரல் நுனியால் எடுத்தால் நுள்ளு. ஒரு கையைக் குவித்து அள்ளினால் சிறங்கை. வறுத்த சிவப்பரிசி மாவைச் சிறங்கை சிறங்கையாகச் சட்டியில் போட்டு, உப்பிட்ட கொதிநீரை ஊற்றி, அகப்பைக் காம்பால் கிளறுவாள். பின் சுண்டின் விளிம்பால் கொத்தி, தேங்காய்ப்பூச் சேர்த்து நீத்துப்பெட்டியில் அவிப்பாள்.

வெளியூருக்குப் படிக்கப் போகவிருந்த பேத்திக்கு அந்தப் பிட்டின் அளவைக் கிராமில் எழுதிக்கொண்டு போக ஆசை. ஆச்சியைப் போலவே பத்துச் சிறங்கை மா அள்ளினாள். அதே பேணித் தண்ணீரையும் ஊற்றினாள். பிட்டு வெறும் மாவாக உதிர்ந்தது. பிறகு தன் பத்துச் சிறங்கையை நிறுத்துப் பார்த்தாள்: 600 கிராம்.

அடுத்த முறை மாப்பானையையே தராசில் வைத்துவிட்டாள். ஆச்சி அள்ள அள்ளக் குறைந்த எடையைக் குறித்தாள். பத்துச் சிறங்கைக்கு 500 கிராம்.

இரண்டு மாதம் கழித்து மீண்டும் எண்ணினாள். பன்னிரண்டு சிறங்கை! ஆச்சிக்கு எண்ணிக்கை தப்புகிறதோ என்று பயந்துபோய்த் தராசைப் பார்த்தாள். எடை 495 கிராம். தப்பியது எண்ணிக்கையல்ல. ஆச்சியின் விரல்கள் விறைத்து, கை முன்போலக் குவியவில்லை. ஒரு சிறங்கை ஐம்பதிலிருந்து நாற்பத்தொன்றாகக் குறைந்திருந்தது.

"எப்பிடி ஆச்சி சரியா வந்தது?"

"எண்ணினது நீதான் பிள்ளை. நான் சட்டியையெல்லோ பாத்தனான்."

சட்டியில் மா எந்த மட்டத்துக்கு வரவேண்டும் என்பதே ஆச்சியின் கணக்கு. இதைப் பேத்திக்குக் காட்டிக் கொடுத்தது தராசு. கை சிறுத்துவிட்டதென்பதை ஆச்சி வாய்திறந்து சொன்னதில்லை. அதையும் தராசுதான் சொன்னது.

ஆனால் தண்ணீரில் தராசு தோற்றது. 340 கிராம் என்று எழுதிய அளவு, மாரிகாலத்தில் ஈரம் இழுத்த மாவைக் கட்டியாக்கியது. புதிதாக வறுத்த மாவுக்கோ போதவில்லை. மாவில் ஏற்கெனவே எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பதை எடை சொல்லாதல்லவா? பிடித்தால் பிடிபட வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். அதுவே பதம். அதைக் கைதான் அறியும்.

பேத்தி கொண்டுபோன தாளில் இப்படி இருந்தது: "மா 500 கிராம். கொதிநீர் 300 கிராம். மிச்சத்தைத் தெளித்துத் தெளித்துப் பிடித்துப் பார்க்கவும்."

பழமைக்கும் புதுமைக்கும் நடந்த வழக்காக இக்கதையைக் கொள்ள வேண்டியதில்லை. எதை எழுதலாம், எதைப் பழகித்தான் பெறலாம் என்று பேத்தி பிரித்தறிந்தாள். அதுவும், ஆச்சியின் கை இயங்கிய காலத்திலேயே.