பணவீக்கம் குறைந்தது, விலை ஏன் குறையவில்லை?

மாசத்துக்கு ஒரு முறையாவது உங்க போன்ல இப்படி ஒரு செய்தி வந்திருக்கும்: "பணவீக்கம் குறைந்தது." அதைப் படிச்சிட்டு மளிகைக் கடைக்குப் போனா, பில் மட்டும் குறைஞ்சிருக்காது. அப்போ செய்தி பொய்யா, கடைக்காரர் ஏமாத்துறாரா என்ற சந்தேகம் வருவது இயல்பு. ரெண்டுமே இல்லை. பணவீக்கம், பணவாட்டம், தேக்கவீக்கம் என்ற மூன்று வார்த்தைகளையும் சரியாகப் பிரித்துப் பார்த்தால் இந்தக் குழப்பம் தீரும்.

புத்தக விளக்கத்தை விட ஒரு நிஜ உதாரணமே இதற்குப் பொருத்தம். நம்ம பக்கத்து நாடான இலங்கை, மூன்றே ஆண்டுகளுக்குள் இந்த மூன்றையும் பார்த்துவிட்டது. 2022 மே மாதம் தமிழ்நாட்டிலிருந்து அரிசி, பால் பவுடர், மருந்து ஏற்றிக்கொண்டு கப்பல் போனது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த நெருக்கடியிலிருந்தே தொடங்குவோம்.

முதலில் பணவீக்கம். ஒரு சராசரிக் குடும்பம் வாங்கும் அரிசி, காய்கறி, வாடகை, பஸ் கட்டணம், மின்சாரம் எல்லாவற்றையும் ஒரு கூடையில் போட்டதாக நினைச்சுக்கோங்க. அந்தக் கூடையின் விலை, போன வருஷம் இதே மாதத்தை விட எத்தனை சதவீதம் கூடியது என்பதுதான் பத்திரிகையில் வரும் பணவீக்க எண். "போன வருஷம் இதே மாதத்தை விட" என்ற இடத்தில்தான் முழு விஷயமும் இருக்கு.

2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம். அதாவது 2021 செப்டம்பரில் 100 ரூபாய்க்கு வாங்கிய கூடை, ஒரே வருஷத்தில் கிட்டத்தட்ட 170 ரூபாய். அடுத்த ஆண்டு, 2023 செப்டம்பரில், பணவீக்கம் வெறும் 1.3 சதவீதம். தலைப்புச் செய்தியா பார்த்தா பெரிய வீழ்ச்சி. ஆனா கூடையின் விலை என்ன ஆச்சு? 170 ரூபாய்க்கு மேல் இன்னும் 1.3 சதவீதம் ஏறி, சுமார் 172 ரூபாய் ஆனது. நூறுக்குத் திரும்பவில்லை.

ஆட்டோ மீட்டர் மாதிரிதான் இது. டிராபிக்ல மீட்டர் மெதுவா ஓடும். அதுக்காக ஏற்கெனவே ஏறின காசு இறங்கிடாது. பணவீக்க எண் மீட்டர் ஓடுகிற வேகம். நீங்க கொடுக்கிற காசு மீட்டரில் நிற்கிற தொகை.

இதில் பாதிக்கப்படுவது சம்பளக்காரர்கள். 2021 செப்டம்பரில் கொழும்பில் 50,000 ரூபாய் சம்பளம் வாங்கிய ஒருவரை எடுத்துக்குவோம். இரண்டு வருஷம் கழித்து அதே வாழ்க்கையை நடத்த அவருக்குச் சுமார் 86,000 ரூபாய் வேண்டும். அந்த நேரத்தில் முதலாளி, "பணவீக்கம்தான் 1.3 சதவீதம் ஆயிடுச்சே, 2 சதவீதம் உயர்வு போதுமே" என்று சொன்னால், எண் சரி, கணக்கு தப்பு. நடுவில் ஏறிய 70 சதவீதம் அதில் விட்டுப்போகிறது. சம்பளம் பேசும்போது கடைசி ஒரு வருஷ எண்ணை மட்டும் பார்க்கக் கூடாது. கடைசியாக எப்போது சம்பளம் உயர்ந்ததோ, அன்றிலிருந்து மொத்தம் எவ்வளவு விலை ஏறியது என்று பார்க்க வேண்டும்.

அடுத்து தேக்கவீக்கம். ஆங்கிலத்தில் ஸ்டாக்ஃப்ளேஷன். சாதாரணமாக விலை ஏறும் காலத்தில் வியாபாரமும் சூடாக இருக்கும், வேலை கிடைக்கும். விலை ஏறுது, ஆனா வேலையும் இல்லை, உற்பத்தியும் படுத்துடுச்சு என்றால் அதுதான் தேக்கவீக்கம். இலங்கையில் 2022இல் அதுதான் நடந்தது. இறக்குமதிக்குக் கொடுக்க டாலர் இல்லை. ரூபாயின் மதிப்பு சரிந்ததால், வந்த பொருளுக்கும் விலை எகிறியது. பெட்ரோலும் டீசலும் கிடைக்காததால் லாரி ஓடவில்லை, தொழிற்சாலை ஓடவில்லை. முந்தைய ஆண்டு ரசாயன உரத்துக்குத் தடை போட்டதில் நெல் விளைச்சலும் அடிவாங்கியிருந்தது. விலையை ஏற்றிய அதே பற்றாக்குறைதான் வேலையையும் நிறுத்தியது. அந்த ஆண்டு நாட்டின் மொத்த உற்பத்தி 7 சதவீதத்துக்கு மேல் சுருங்கியது.

இதுக்கு மருந்து கொடுப்பது கஷ்டம். வட்டியை ஏற்றினால் மக்கள் கடன் வாங்கிச் செலவழிப்பது குறைந்து விலை அடங்கும். ஆனா ஏற்கெனவே தள்ளாடுற தொழில் மேலும் விழும். வட்டியைக் குறைத்தால் தொழில் மூச்சு விடும். விலை இன்னும் பறக்கும். இலங்கை மத்திய வங்கி முதல் வழியை எடுத்தது. 2022 ஏப்ரலில் ஒரே நாளில் வட்டியை 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. விலையேற்றம் பின்னால் அடங்கியது. 2023இலும் பொருளாதாரம் சுருங்கியது.

மூன்றாவது பணவாட்டம். இங்கேதான் விலை நிஜமாகவே இறங்குகிறது. எண்ணுக்கு முன்னால் மைனஸ் குறி வரும். 2024 செப்டம்பரில் கொழும்பில் மைனஸ் 0.5 சதவீதம் பதிவானது. 172 ரூபாய்க் கூடை சுமார் 171 ஆனது. அடுத்த ஆண்டு ஜூலை வரை மைனஸ் தொடர்ந்தது.

விலை இறங்கினா நல்லதுதானே, பொருளாதார நிபுணர்கள் ஏன் பயப்படுறாங்க? ஏன் இறங்குது என்பதைப் பொறுத்தது அது. கையில் காசில்லாமல் மக்கள் வாங்குவதை நிறுத்தியதால் விலை இறங்கினால், கடைக்காரருக்கு வருமானம் குறையும், ஆட்களைக் குறைப்பார், வேலை போனவர்கள் இன்னும் குறைவாக வாங்குவார்கள். கடன் மட்டும் குறையாது. மாதம் 10,000 ரூபாய் தவணை கட்டுபவருக்கு வியாபாரம் இறங்கினாலும் தவணை அதே 10,000தான். இலங்கையில் நடந்தது இந்த வகை இல்லை. மின் கட்டணமும் எரிபொருள் விலையும் குறைந்தது முக்கியக் காரணம். 2025 ஜனவரியில் வீட்டு மின் கட்டணம் 20 சதவீதம் குறைக்கப்பட்டது. அதே காலத்தில் பொருளாதாரம் வளர்ந்துகொண்டும் இருந்தது. விலை இறங்கும்போது உற்பத்தி வளர்கிறதா, சுருங்குகிறதா என்று பார்த்தால் இரண்டு வகையையும் பிரித்துவிடலாம்.

இப்போ நம்ம நாட்டுச் செய்தி ஒன்று. 2025 அக்டோபரில் இந்தியாவின் சில்லறைப் பணவீக்கம் 0.25 சதவீதம் என்று வந்தது. உணவுப் பொருள் விலை போன வருஷத்தை விடச் சுமார் 5 சதவீதம் குறைவு. இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். ஒப்பிடும் மாதமான 2024 அக்டோபரில் உணவுப் பணவீக்கம் 10 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. உயரமான இடத்திலிருந்து அளந்ததால் இறக்கம் பெரிதாகத் தெரிந்தது. ரெண்டு வருஷத்துக்கு முந்தைய விலையோடு பார்த்தால் சாப்பாட்டுச் செலவு அப்பவும் கூடித்தான் இருந்தது. குறைந்ததும் முக்கியமாகக் காய்கறி மாதிரியான பொருட்கள். உங்க செலவில் பெரும்பகுதி வாடகையும் பள்ளிக் கட்டணமும் என்றால், அந்த 0.25 உங்க வீட்டுக் கணக்கு இல்லை.

அதனால அடுத்த முறை நோட்டிபிகேஷன் வரும்போது மூன்று விஷயம் பாருங்க. எண் குறைந்ததா, இல்லை மைனஸுக்கே போயிடுச்சா? போன வருஷம் இதே மாதம் எண் எவ்வளவு? உற்பத்தியும் வேலையும் வளருதா, சுருங்குதா? இந்த மூன்றுக்கும் பதில் பெரும்பாலும் அதே செய்தியின் கீழ்ப் பத்திகளில் இருக்கும். தலைப்போடு நிறுத்தாம கீழே வரைக்கும் ஸ்க்ரோல் பண்ணுங்க.